கம்ப்ரசர் வாங்கக் கொட்டேஷன் கேட்டதில் செய்த தவறும், அடுத்த முறை எழுதிய நான்கு பக்கமும்

புதிய பேக்கிங் லைன் போடும் ப்ராஜெக்டில் காற்று கம்ப்ரசர் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அனுப்பிய முதல் கொட்டேஷன் கோரிக்கை ஒரே வரிதான்: "55 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர், 1 எண்ணிக்கை, விலையும் டெலிவரி காலமும் தெரிவிக்கவும்." நான்கு பேர் கொட்டேஷன் தந்தார்கள். குறைந்த விலை சொன்னவரிடம் வாங்கினோம். மெஷின் வந்து, முதல் லைன் மட்டும் ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது லைனையும் போட்ட அன்று பிரஷர் 7 பாரிலிருந்து 5.5 வரை இறங்கியது, சிலிண்டர்கள் பாதி ஸ்ட்ரோக்கில் நின்றன. வெண்டரைக் கூப்பிட்டேன். "சார், நீங்கள் 55 கிலோவாட் கேட்டீர்கள், 55 கிலோவாட்தான் கொடுத்திருக்கிறோம்" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை.

அவர் தந்தது 10 பார் மாடல். அதே 55 கிலோவாட் மோட்டார்தான், ஆனால் பிரஷர் ஏற ஏற வெளிவரும் காற்றின் அளவு குறையும். 7.5 பாரில் நிமிடத்துக்கு 10 கன மீட்டர் பக்கம் தரக்கூடிய மோட்டார் 10 பாரில் 8 பக்கம்தான் தரும். எனக்குத் தேவை காற்று, நான் கேட்டது மோட்டார். நான்கு பேரும் நான்கு வேறு பொருளுக்கு விலை சொல்லியிருந்தார்கள்: ஒருவர் காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரோடு, இருவர் டிரையர் இல்லாமல், ஒருவர் போக்குவரத்தும் நிறுவும் வேலையும் சேர்த்து. அந்த நான்கு எண்களையும் ஒரே எக்செல் தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டு "குறைந்தது இது" என்று முடிவு எடுத்திருக்கிறேன். அது வெண்டர்களுக்கும் நியாயமில்லை, கம்பெனிக்கும் நியாயமில்லை.

அடுத்த வருடம் இரண்டாவது கம்ப்ரசர் வாங்க வேண்டி வந்தது. அப்போது எழுதியது நான்கு பக்கம். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எழுத உட்காருவதற்கு முன்னால் அளந்தோம். எல்லா லைனுக்கும் காற்று போகும் மெயின் ஹெடர் குழாயில் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து மாட்டி, பத்து நாள் ஓடவிட்டோம். சராசரி நிமிடத்துக்கு 7 கன மீட்டர், உச்சம் 9.6. வருடத்தில் 6,000 மணி நேரம் ஓடும். இந்த மூன்று எண்கள் கையில் இருந்ததால்தான் மீதி எல்லாம் எழுத முடிந்தது. அதனால் கோரிக்கையில் மோட்டார் அளவே வரவில்லை. "7.5 பார் பிரஷரில், பேக்கேஜின் வெளிவாயிலில், ஐ.எஸ்.ஓ. 1217 இணைப்பு சி முறைப்படி அளந்த காற்று நிமிடத்துக்குக் குறைந்தது 10 கன மீட்டர்" என்று எழுதினோம். அளக்கும் முறையைச் சொல்வது ரொம்ப முக்கியம். சிலர் ஸ்க்ரூ உள்ளே இழுக்கும் கொள்ளளவைக் கணக்குப் போட்டுச் சொல்வார்கள், சிலர் வெளியே உண்மையில் வருவதைச் சொல்வார்கள், இரண்டும் ஒன்றல்ல. முறையைக் கட்டிவிட்டால் எல்லோரும் ஒரே அளவுகோலில் பேசியாக வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு தவறும் செய்யப் பார்த்தேன். முதல் வரைவை எழுதும்போது ஒரு கம்பெனியின் பிரசுரம் பக்கத்தில் இருந்தது, அதிலிருந்து நீளம், அகலம், இரைச்சல் அளவு எல்லாவற்றையும் அப்படியே இறக்கிவிட்டேன். பராமரிப்புப் பிரிவில் இருந்த மூத்தவர் படித்துவிட்டு, "இது ஒரே ஒருத்தருக்கு எழுதின மாதிரி இருக்கே" என்றார். எனக்கு அந்த எண்ணமே இல்லை, ஆனால் படிக்கிற வெண்டருக்கு என் எண்ணம் எப்படித் தெரியும்? அந்த அளவுகளை எடுத்துவிட்டு, "அறைக் கதவின் அகலம் 1.6 மீட்டர், அதற்குள் நுழைய வேண்டும்" என்று மட்டும் போட்டோம். ஒரு கட்டுப்பாடு போட்டால் அதற்கான காரணத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். காரணம் எழுத வராத கட்டுப்பாடு பெரும்பாலும் பிரசுரத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

டிரையர் பகுதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குளிரூட்டும் வகை டிரையரின் கொள்ளளவு பொதுவாக உள்ளே வரும் காற்று 35 டிகிரி, சுற்றுப்புறம் 25 டிகிரி என்ற நிலையில் சொல்லப்படுவது. எங்கள் கம்ப்ரசர் அறை வெயில் மாதங்களில் 42 டிகிரி போகும். அந்த வெப்பத்தில் அதே டிரையர் சொன்ன அளவைக் காயவைக்காது, ஒரு சைஸோ இரண்டு சைஸோ மேலே போக வேண்டும். காற்றில் மிஞ்சும் ஈரம் எந்த வெப்பத்தில் நீராகும் என்பதைச் சொல்லும் "3 டிகிரி டியூ பாயின்ட்" என்பதை மட்டும் முதலில் எழுதியிருந்தேன், அறையின் வெப்பத்தை எழுதவில்லை. கோரிக்கை போன பிறகு ஒரு வெண்டர் போன் செய்து கேட்டார். நானும் போனிலேயே 42 என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம்தான் உறைத்தது: இவர் பெரிய டிரையர் போடுவார், விலை ஏறும். மற்றவர்கள் சின்னது போடுவார்கள், விலை குறையும். சரியான கேள்வி கேட்டவருக்கு அதனாலேயே நஷ்டம். மறுநாள் காலை எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் போனது, கேட்டவர் பெயர் இல்லாமல், கேள்வியும் பதிலும் மட்டும், கூடவே கடைசித் தேதியை நான்கு நாள் தள்ளி. அதற்கப்புறம் போனில் யார் கேட்டாலும் "எழுத்தில் அனுப்புங்கள், எல்லோருக்கும் பதில் போகும்" என்பதுதான் என் பதில்.

விலைக்கு நாங்களே ஓர் அட்டவணை செய்து கொடுத்தோம். கம்ப்ரசர், டிரையர், ஃபில்டர்கள், போக்குவரத்து, நிறுவி ஓட்டிக் காட்டுவது, முதல் இரண்டு வருட சர்வீஸ் பாகங்கள், எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. "சேரவில்லை" என்றால் அந்த வார்த்தையை எழுதியாக வேண்டும், வரியைக் காலியாக விடக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மதிப்பீட்டு நாளில் நிறைய நேரம் மிச்சமானது இதனால்தான்.

மின்சாரம்தான் பெரிய செலவு என்பதால் இரண்டு எண்களைக் கட்டாயமாகக் கேட்டோம்: முழு லோடில் பேக்கேஜ் மொத்தமாக இழுக்கும் கிலோவாட், அன்லோடில் இழுக்கும் கிலோவாட். இந்த இரண்டாவதைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. நிலையான வேகத்தில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரசர் காற்று தராமல் சும்மா சுற்றும்போதும் முழு லோடின் கால் பங்குக்கு மேலேயே இழுக்கும். எங்கள் சராசரித் தேவை 7, கொள்ளளவு 10 என்றால், வருடத்தில் 4,200 மணி நேரம் லோடில், 1,800 மணி நேரம் அன்லோடில் போகும். அந்த 1,800 மணி நேரத்தைக் கணக்கில் விட முடியாது.

அப்புறம் ஐ.எஸ்.ஓ. 1217-இல் சகிப்பு எல்லை ஒன்று இருக்கிறது. இந்த அளவு கம்ப்ரசருக்குக் காற்றின் அளவில் 5 சதவீதமும், ஒரு கன மீட்டருக்கு ஆகும் மின்சாரத்தில் 6 சதவீதமும் கூடக் குறைய இருக்கலாம். அதாவது பிரசுரத்தில், நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒருவர் 6.1 கிலோவாட் என்றும் இன்னொருவர் 6.4 என்றும் போட்டிருந்தால், அந்த வித்தியாசம் உண்மையாகவும் இருக்கலாம், வெறும் சகிப்பு எல்லைக்குள் அடங்குவதாகவும் இருக்கலாம். அதை வைத்து மதிப்பெண் போடுவது சரியில்லை. அதனால், "சகிப்பு எல்லை எதுவும் இல்லாமல், இதற்கு மேல் போகாது என்று நீங்கள் உத்தரவாதம் தரும் எண்ணைத் தாருங்கள். அனுப்பும் முன் உங்கள் டெஸ்ட் பெஞ்சில் எங்கள் ஆள் பார்க்கச் சோதனை நடக்கும். தாண்டினால் ஐந்து வருடக் கூடுதல் மின்செலவு விலையிலிருந்து கழிக்கப்படும்" என்று எழுதினோம். வந்த எண்கள் பிரசுரத்தில் இருந்ததைவிடச் சற்று அதிகமாகவே இருந்தன. எனக்கு அதில் நம்பிக்கை வந்தது.

இனி மதிப்பெண் முறைக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இந்தப் பகுதிதான்.

எடைகளையும் சூத்திரத்தையும் கோரிக்கையிலேயே அச்சடித்து அனுப்புவது என்று முடிவு செய்திருந்தோம், பிறகு மாற்ற முடியாது என்பதால். முதல் வரைவில் ஐந்து வருட மொத்தச் செலவுக்கு 60, சர்வீஸுக்கு 25, டெலிவரிக்கு 15. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. செலவுக்கு எந்தச் சூத்திரம் என்று பேசும்போது ஒருவர், "குறைந்தவருக்கு முழு மதிப்பெண், அதிகமானவருக்குப் பூஜ்யம், நடுவில் இருப்பவருக்கு விகிதப்படி" என்றார். கற்பனை எண்களைப் போட்டுப் பார்த்தோம். 1000, 1050, 1100 என்று மூன்று கொட்டேஷன் வந்தால் மதிப்பெண் 60, 30, 0. சரி, நான்காவதாக ஒருவர் 1400 என்று வந்தால்? இப்போது அதே மூவருக்கும் 60, 52.5, 45. மூன்றாம் நபர் தன் கொட்டேஷனில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை, ஜெயிக்க வாய்ப்பே இல்லாத யாரோ ஒருவர் வந்ததால் பூஜ்யத்திலிருந்து 45-க்குப் போய்விட்டார். வேண்டுமென்றே ஒருவரை அதிக விலையில் நிற்கவைத்தால் கூட முடிவைத் திருப்பலாம். அந்த முறையை அங்கேயே விட்டோம். எடுத்துக்கொண்டது இது:

```
செலவு மதிப்பெண் = எடை × (குறைந்த மொத்தச் செலவு ÷ இவருடைய மொத்தச் செலவு)
```

இதிலும் குறை உண்டு, மிகக் குறைவாக ஒருவர் வந்தால் மற்ற எல்லோருடைய மதிப்பெண்ணும் இறங்கும். ஆனால் தகுதிச் சோதனையில் தேறியவர்களை மட்டும் இந்தக் கணக்கில் சேர்த்தால் அந்த ஆபத்து பெரிதும் குறைகிறது.

அடுத்த கற்பனைச் சோதனைதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. இங்கே விலையைப் பங்காகச் சொல்கிறேன், ஒரு புதிய கம்ப்ரசரின் விலை ஏறக்குறைய 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கற்பனை வெண்டர்கள். ஒருவருடைய ஐந்து வருடச் செலவு 1000, சர்வீஸில் 5-க்கு 3. மற்றவர் செலவு 1090, சர்வீஸில் 5-க்கு 4. டெலிவரி இருவருக்கும் ஒன்றே. முதலாமவருக்கு 60 + 15 = 75. இரண்டாமவருக்கு 55.05 + 20 = 75.05. இரண்டாமவர் ஜெயிக்கிறார்! சர்வீஸில் ஒரு படி அதிகம் என்பதற்காக 90 பங்கு, அதாவது இன்னொரு புது மெஷின் வாங்கும் காசை, கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்று எங்கள் அட்டவணை சொல்கிறது. எங்களில் யாரும் அப்படி நினைக்கவில்லை. எடைகளை மனசுக்குத் தோன்றியபடி போட்டதால் வந்த விளைவு.

அதனால் கேள்வியைத் திருப்பிக் கேட்டோம்: சர்வீஸில் ஒரு படி கூடினால் அது நமக்கு எத்தனை பங்கு பெறும்? மெஷின் நின்றால் வாடகை கம்ப்ரசர் கொண்டுவரும் செலவை வைத்துப் பார்த்ததில் வருடத்துக்கு 6 பங்கு, ஐந்து வருடத்துக்கு 30 பங்கு என்று வந்தது. அதற்கு ஏற்றபடி எடைகளை 80, 12, 8 என்று மாற்றினோம். இப்போது ஒரு சர்வீஸ் படி 2.4 மதிப்பெண், 1000 பங்குச் செலவில் ஒரு மதிப்பெண் சுமார் 12.5 பங்கு, ஆக ஒரு படி 30 பங்கு. நாங்கள் உண்மையில் நினைத்ததும் அட்டவணை சொல்வதும் ஒன்றானது. கோரிக்கையை அனுப்பும் முன் அரை மணி நேரம் ஒதுக்கி இந்தக் கற்பனைக் கொட்டேஷன் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். கொட்டேஷன்கள் வந்த பிறகு எடை தவறு என்று தெரிந்தால், அதை மாற்றினாலும் அநியாயம், மாற்றாவிட்டாலும் தவறான மெஷின்.

சர்வீஸ் மதிப்பெண்ணுக்கு "நன்று, சுமார், மோசம்" என்று வைக்கவில்லை. 5 என்றால் புகார் எழுதிய 8 மணி நேரத்துக்குள் டெக்னீஷியன் நேரில் வருவதாக ஒப்பந்தத்தில் எழுதித் தருவார், இணைத்திருந்த 12 முக்கியப் பாகங்களும் அவர் ஸ்டாக்கில் இருக்கும். 3 என்றால் 24 மணி நேரம், 8 பாகங்கள். 1 என்றால் எழுத்தில் எதுவும் இல்லை. இடையில் உள்ள 2, 4 படிகளுக்கும் இதேபோல எழுதிவைத்தோம்.

மதிப்பெண் போட்டது மூன்று பேர், தனித்தனியாக, ஒருவருக்கொருவர் பேசாமல். விலைக் கோப்பு தனி, தொழில்நுட்பக் கோப்பு தனி. சர்வீஸ், டெலிவரி மதிப்பெண்களில் மூவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விலைக் கோப்பைத் திறந்தோம். விலை முன்பே தெரிந்தால் கை தானாகச் சாயும், இதை நான் என்னிடமே பார்த்திருக்கிறேன். படிகளை அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும், ஒருவருக்குச் சர்வீஸில் இருவர் 3 போட, மூன்றாமவர் 5 போட்டிருந்தார். ஏன் என்று கேட்டபோது, "பழைய கம்பெனியில் இவர்கள் ராத்திரி ஒரு மணிக்குக்கூட வந்தார்கள்" என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கொட்டேஷனில் எழுதியிருந்தது 24 மணி நேரம். "எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்ட முடிந்தால் 5 வைத்துக்கொள்ளலாம்" என்று பேசி, அவரே 3 ஆக்கினார். மாற்றிய காரணத்தையும் பக்க எண்ணையும் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

வந்தது நான்கு கொட்டேஷன். நான்காமவர் கேட்ட முறையில் காற்றின் அளவைத் தரவில்லை, மோட்டார் அளவை மட்டும் தந்தார், நான் முதல் தடவை கேட்ட அதே மாதிரி. எல்லோருக்கும் போலவே அவருக்கும் விடுபட்டதை அனுப்ப மூன்று வேலை நாள் கொடுத்தோம். வரவில்லை, தகுதியில் நின்றுவிட்டார். அவருடைய விலைக் கோப்பைத் திறக்கவே இல்லை. மேலாளர், "அவர்தான் விலை குறைவாக இருக்கலாமே" என்று கேட்டார். கோரிக்கையின் இரண்டாம் பக்கத்தில் "இந்த எண் இல்லாத கொட்டேஷன் மதிப்பிடப்படாது" என்ற வரியைக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்.

மீதி மூவர். ஏ என்பவர் கம்ப்ரசருக்கு மட்டும் 100 பங்கு சொன்னார், டிரையர், போக்குவரத்து, நிறுவுதல் வரிகளில் "சேரவில்லை". எங்கள் கோரிக்கையில், சேராத வரிக்கு மற்றவர்கள் சொன்னதில் அதிகமான விலையைக் கூட்டுவோம் என்று முன்பே எழுதியிருந்தோம். கூட்டினால் 121. பி எல்லாம் சேர்த்து 116. சி எல்லாம் சேர்த்து 128. அட்டையில் தெரிந்த குறைந்த விலை ஏ-உடையது, சமப்படுத்தியதும் அது நடுவில் வந்துவிட்டது.

அப்புறம் மின்சாரம். மூவருமே நிமிடத்துக்கு 10 கன மீட்டர் உத்தரவாதம் தந்தார்கள். ஏ லோடில் 69 கிலோவாட், அன்லோடில் 20. பி 65, 18. சி 61, 16. மணி நேரத்தோடு பெருக்கினால் வருடத்துக்கு ஏ 3,25,800 யூனிட், பி 3,05,400, சி 2,85,000. எங்கள் கட்டணத்தில் 1,500 யூனிட் ஒரு பங்கு. ஐந்து வருட மின்சாரம் ஏ-க்கு 1086 பங்கு, பி-க்கு 1018, சி-க்கு 950. வாங்கும் விலையைச் சேர்த்தால் 1207, 1134, 1078. மெஷின் விலையில் நாங்கள் பேரம் பேசிக் குறைக்கப் பார்த்தது 5 பங்கோ 10 பங்கோ, மின்சாரத்தில் வித்தியாசம் 136 பங்கு.

செலவுக்கு ஏ 71.4, பி 76, சி 80. சர்வீஸில் ஏ, பி இருவருக்கும் 9.6, சி-க்கு 7.2. டெலிவரியில் ஏ 8, பி, சி இருவருக்கும் 6.4. மொத்தம் ஏ 89, பி 92, சி 93.6. பி-க்கும் சி-க்கும் ஒன்றரை மதிப்பெண்தான் வித்தியாசம், அதனால் உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்தோம். ஓடும் நேரம் 6,000-க்குப் பதில் 4,000 மணி ஆனால் என்னாகும்? அப்போதும் சி முன்னால்தான், இடைவெளி மட்டும் சுமார் ஒரு மதிப்பெண்ணாகக் குறைந்தது. சி-யின் உத்தரவாதம் பொய்த்தால்? அதற்குச் சோதனையும் கழிவும் இருக்கிறது. சி-க்கு ஆர்டர் போட்டோம்.

தோற்றவர்கள் இருவருக்கும் அவரவர் மதிப்பெண்ணையும் அதற்கான காரணத்தையும் எழுதி அனுப்பினேன், மற்றவர் விலையைச் சொல்லாமல். ஏ-இன் விற்பனையாளர் உடனே போன் செய்தார், குரலில் கோபம். மின்சாரக் கணக்கை வரி வரியாகச் சொன்னேன், அவர் தந்த 69-ஐயும் 20-ஐயும் வைத்து அவரே பெருக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த அன்லோடு எண்ணை எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை சார், அடுத்த முறை இன்வெர்ட்டர் மாடலைத் தரலாமா?" என்று கேட்டார். தாராளமாகத் தரலாம், அது வேகம் மாறி ஓடுவது என்பதால் அதற்கு அளக்கும் முறை இணைப்பு சி இல்லை, இணைப்பு ஈ என்றும், 40, 70, 100 சதவீத லோடுகளில் தனித்தனி எண் வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

சி-யின் மெஷினை அவர்கள் பெஞ்சில் சோதிக்க எங்கள் பராமரிப்பு மூத்தவர் போயிருந்தார். காற்று 10.1, லோடில் 60.8 கிலோவாட், அன்லோடில் 15.7. மூன்று எண்ணும் உத்தரவாதத்துக்குள் இருந்ததால் கழிவு எதுவும் இல்லாமல் அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இப்போது இரண்டு லைனும் சேர்ந்து ஓடும்போது ஹெடரில் 7.1 பார் நிற்கிறது.